சருகுக்கு அடியில் கரிப்பொடி

சென்ற ஐப்பசியில் ஒரு மழை நாளன்று, சேலம் லீ பஜாரில் நான் வழக்கமாக வாங்கும் மண்டியிலிருந்து 20 கிலோ பெல்லாரி வெங்காயம் வலைச் சாக்கில் வந்து இறங்கியது. அம்மாபேட்டையில் வீட்டின் பின்கட்டிலேயே சமைத்து, தினமும் 40 பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. சாக்கின் வாயை அவிழ்த்து முதல் வெங்காயத்தின் சருகைக் கிள்ளி இழுத்தேன். அதற்கு அடியில், அடுப்புக்கரியை நுணுக்கித் தூவியதைப் போலக் கறுப்புப் பொடி படிந்திருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் மையாகியது. அடுத்த மூன்றிலும் அதே பொடி. ஐந்தாவது வெங்காயம் சுத்தமாக இருந்தது. ஆறாவதில் மறுபடியும் பொடி.

உதவிக்கு வரும் அம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "அக்கா, இது கறுப்புப் பூஞ்சை. கொரோனா சமயத்துல எத்தனை பேருக்குக் கண்ணு போச்சு! இதுலருந்துதான் வந்துச்சுன்னு அப்பவே போன்ல அனுப்பினாங்களே. சாக்கோட கொண்டுபோய்க் கொட்டிடலாம்." திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்: "நல்லா அலசிட்டு அரியுங்க. கொதிக்கிற குழம்புல எது உசுரோட நிக்கப் போகுது? நாங்கெல்லாம் இதைத் தின்னுதான வளர்ந்தோம்?"

இருவரில் ஒருவர் சொல்வதைக் கேட்டு அன்றைய வேலையை முடித்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் பயந்தது வேறொரு பூஞ்சைக்கு. மாமியாரின் தைரியம் கொதிநிலையை நம்பியது, அந்த நம்பிக்கை பாதி தூரம்தான் வரும். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் என்பதால், அந்தச் சாக்கை அப்படியே கொட்டவும் எனக்கு மனம் வரவில்லை, அப்படியே அரியவும் மனம் வரவில்லை. அன்று கைவசம் இருந்த பழைய வெங்காயத்தை வைத்துச் சமையலை முடித்துவிட்டு, பிற்பகலில் தார்ப்பாயை விரித்து 20 கிலோவையும் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, வெங்காயத்தின் மேலுள்ள கறுப்புப் படலமும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரில் படியும் கறுப்பும்தான் "கறுப்புப் பூஞ்சை" நோய்க்குக் காரணம் என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் நாடு முழுவதும் சுற்றியது. அது தவறான செய்தி. மியூக்கர்மைகோசிஸ் என்னும் அந்த நோயை உண்டாக்குபவை ரைசோபஸ், மியூக்கர் முதலிய பூஞ்சைகள். பழைய ரொட்டியில் பஞ்சுபோல் வளர்வது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பூஞ்சை கறுப்பும் அல்ல. அது இரத்தக் குழாய்களை அடைத்து, அடைபட்ட இடத்துச் சதை இறந்து கறுப்பதால்தான் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது. கட்டுப்படாத சர்க்கரை நோய் இருந்தவர்களையும் ஸ்டீராய்டு மருந்து மிகுதியாகப் பெற்றவர்களையும்தான் அது பெரும்பாலும் தாக்கியது. வெங்காயத்தில் இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் வேறொரு பூஞ்சை. நைஜர் என்பதற்கு லத்தீனில் கறுப்பு என்றே பொருள். மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தால், வெங்காயத்தில் வருவது பல சமயம் அதன் நெருங்கிய உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் வெல்விட்சியே ஆக இருக்கிறது. கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது; அடுப்படிக்கு அந்த வேறுபாடு தேவையும் இல்லை.

எங்கள் தெருவில் தறி வைத்திருப்பவர்கள் பலர். துணியில் இழை எண்ணுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சிறிய மடிப்புக் கண்ணாடியை ஒரு வீட்டில் இரவல் வாங்கி, சருகின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்தது, கண்ணாடியின் கீழ் குண்டூசிக் காடாக நின்றது: வெளிறிய மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கறுத்த உருண்டைத் தலை. அந்தத் தலைகளில்தான் பூஞ்சையின் வித்துகள் இருக்கின்றன. ஊதினால் உதிர்ந்து பறப்பவை அவையே. பொடி தாறுமாறாகச் சிதறியிருக்கவும் இல்லை. வெங்காயத்தின் கழுத்திலிருந்து வேர்ப்பக்கம் நோக்கி, நரம்புகளின் தடத்திலேயே கோடு கோடாக இறங்கியிருந்தது. பூஞ்சை எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்பதை அந்தக் கோடுகளே காட்டிக் கொடுத்தன.

இதில் இன்னொன்றும் விளங்கும். கறுப்பு என்பது பூஞ்சை வித்து முற்றிய நிலை. அதற்கு முன்பு அது நிறமற்ற நூலிழையாகத்தான் வளர்கிறது, அந்த இழை கண்ணில் படாது. ஆகவே கறுப்பு நின்ற இடத்தோடு பூஞ்சையும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சதை கெட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை, ஏனென்றால் காய்ந்த சருகை மட்டும் பிடித்துக்கொண்டு அது காலம் தள்ளக்கூடியது.

கொதிக்க வைத்தால் போதாதா என்பது மாமியாரின் கேள்வி. கொதித்தால் பூஞ்சையும் வித்தும் செத்துப் போகும். அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்தப் பூஞ்சையின் சில வகைகள், எல்லாம் அல்ல, சில மட்டும், வளரும்போதே நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. ஆக்ராடாக்சின் ஏ ஒன்று, ஃபியூமோனிசின் பி2 மற்றொன்று. ஆக்ராடாக்சின் விலங்குகளில் சிறுநீரகத்தைப் பாதிப்பது தெளிவாக நிறுவப்பட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இல் அதைச் சேர்த்தது. குழம்பு கொதிக்கும் வெப்பத்தில் அது அழிந்துவிடுவதில்லை. வெங்காயத்தில் வந்திருக்கும் வகை நஞ்சு சுரப்பதா இல்லையா என்பதைக் கண்ணும் மூக்கும் சொல்லவும் மாட்டா.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது வெங்காயத்தால் அல்ல, காப்பியால். என் அக்காவை ஏற்காட்டில் கொடுத்திருக்கிறது. மாமா ஒரு காப்பித் தோட்டத்தில் களத்து மேற்பார்வை பார்க்கிறார். பழம் பறித்து வந்ததும் அதைக் களத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளெல்லாம் கிளறிவிட்டு, மாலையில் பனி படாமல் மூடி, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பதினொன்றுக்கு இறங்கும் வரை அவருக்குத் தூக்கம் வராது. தொலைபேசியில் வெங்காயக் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பூசணம் புடிச்ச கொட்டையை வறுத்தா பூசணம் செத்துரும்மா. ஆனா அது விட்டுட்டுப் போன விஷத்துல கொஞ்சம் அப்படியே நிக்கும். அதனாலதான வெளிநாட்டுக்காரன் காப்பிக்கொட்டையில அந்த ஆக்ராடாக்சினை அளந்து பார்த்து வாங்குறான்!" காப்பி வறுக்கும் சூட்டிலேயே ஒரு பங்கு தங்கும் என்றால், புளிக்குழம்பின் கொதிநிலையை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது. இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது: சமைக்கப் போகிறோமா, பச்சையாகத் தின்னப் போகிறோமா என்பது இங்கே அளவுகோல் அல்ல. பூஞ்சை வளர்ந்த சதை இரண்டுக்கும் ஆகாது. பூஞ்சை எட்டாத சதை இரண்டுக்கும் ஆகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கிலி பிடிக்க வேண்டாம். இதே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரைத் தொட்டியில் வளர்த்துத்தான் உலகம் சிட்ரிக் அமிலம் எடுக்கிறது. 1917இல் ஜேம்ஸ் கரி என்பவர் அந்த வழியைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில் அது தொழிற்சாலைக்குப் போய்விட்டது. பாட்டில் ஜூஸிலும் ஜாமிலும் நாம் சுவைக்கும் புளிப்புக்கு அந்தப் பூஞ்சைதான் மூலம். இதற்கென்று தகுந்த வகையைப் பொறுக்கியெடுத்து, அதற்கேற்ற சூழலில் வளர்க்கிறார்கள். நம் சாக்கில் வந்ததை யாரும் பொறுக்கியெடுக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

எனவே உண்மையான கேள்வி, பூஞ்சை எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பது. இதில் வெங்காயத்தின் உடலமைப்பு நமக்குத் துணை நிற்கிறது. நாம் அடுக்கு என்று சொல்லும் ஒவ்வொன்றும் ஓர் இலையின் பருத்த அடிப்பகுதி. அதன் இருபுறமும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு இருக்கிறது; பள்ளியில் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோமே, அதே சவ்வு. ஒரு தக்காளியில் பூஞ்சை பிடித்தால் சாறு வழியாக எங்கும் பரவிவிடும். வெங்காயத்தில் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போகச் சவ்வுகளைத் துளைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா அடுக்குகளும் சேரும் கழுத்து வழியாகவோ வேர்த்தட்டு வழியாகவோ சுற்றிக்கொண்டு வர வேண்டும். காயம் படாத வெங்காயத்தில் அது பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் வரும். ஆகையால் பொடி எவ்வளவு என்பதைவிடக் கழுத்து எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

தார்ப்பாயில் இருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து எடை போட்டேன்: 182 கிராம். சருகுக்கு அடியில் பாதிச் சுற்றளவுக்குக் கரி. கட்டைவிரலால் கழுத்தை அமுக்கிப் பார்த்தேன். காய்ந்து இறுகியிருந்தது, உள்ளே அமுங்கவில்லை. அடுத்து அதைக் குழாய் நீரில் காட்டிச் சருகை முழுக்க நனைத்தேன். காய்ந்தபடியே உரித்தால் வித்து மூக்கிலும் பக்கத்துப் பாத்திரத்திலும் போய் விழும். நனைந்த பொடி பறக்காது. பழைய கத்தி ஒன்றால் கழுத்தை ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கும், வேர்ப்பக்கத்தை மெல்லியதாகவும் அரிந்து எறிந்தேன். சருகை உரித்து, ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவினேன். அந்தக் கத்தியோடு வேலை முடிந்தது. பொடி பட்ட கத்தியாலேயே பிளந்தால், வெளியே இருந்ததை நாமே உள்ளே இழுத்துவிடுவோம்.

கழுவியபின் முதல் சதை அடுக்கைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான் இதில் நின்று செய்ய வேண்டிய வேலை. பொடி முழுவதும் போய், அடுக்கு வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால், மேலிருந்து பொடி ஒட்டிக்கொண்டதே தவிர அங்கே வளரவில்லை என்று பொருள். துடைத்த பிறகும் நரம்புத் தடத்தில் சாம்பல் கோடு நின்றாலோ, அந்த இடம் குழிந்து சுருங்கியிருந்தாலோ, நீர் கோத்த கண்ணாடிபோலத் தெரிந்தாலோ, பூஞ்சை அந்தச் சதையைத் தின்றிருக்கிறது. என் 182 கிராம் வெங்காயத்தில் இரண்டு சாம்பல் கோடுகள் நின்றன. ஆகவே முதல் அடுக்கை முழுவதுமாக உரித்து எறிந்தேன். கோடு உள்ள துண்டை மட்டும் செதுக்கி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நிறமற்ற இழை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது தெரியாது. இரண்டாவது அடுக்கு சுத்தமாக இருந்தது. மறுபடியும் கழுவி, அரிவாள்மணையில் கழுத்திலிருந்து வேருக்கு நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். வெள்ளையும் இளஞ்சிவப்பும்தான் தெரிந்தன. பழுப்பு வளையம் இல்லை, ஈரக் கசிவு இல்லை, வெங்காய வாடை தவிர வேறு வாடை இல்லை. எடை போட்டால் 138 கிராம். போன 44 கிராமில் பாதிக்கு மேல் அந்த ஓர் அடுக்கு, ஏனென்றால் வெளி அடுக்கு பொதுவாகக் கனமானது. அந்த 138 கிராம் மறுநாள் சாம்பாருக்குப் போயிற்று.

அமெரிக்க வேளாண்மைத் துறை நுகர்வோருக்குச் சொல்லும் அறிவுரை இதைவிடச் சற்றுத் தளர்ந்தது: வெளி அடுக்கில் சிறிதளவு கறுப்பு இருந்தால் ஓடும் நீரில் கழுவலாம் அல்லது அந்த அடுக்குகளை வெட்டி நீக்கலாம், மிச்சத்தைப் பயன்படுத்தலாம், இந்தப் பூஞ்சை ஒவ்வாதவர்கள் தொட வேண்டாம் என்பது அதன் சாரம். சருகில் மட்டும் பொடி இருந்தால் நானும் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். சதையில் கோடு கண்டால் மட்டும் ஓர் அடுக்கைத் தியாகம் செய்கிறேன். சோறு போடும் தொழிலில் அடுத்தவர் வயிற்றுக்காக ஓர் அடுக்கை இழப்பது பெரிய நட்டமல்ல.

இனி, தப்பாதவை. தார்ப்பாயில் இன்னொரு வெங்காயம். மேலே பொடி குறைவாகத்தான் இருந்தது, ஆனால் கழுத்தில் விரல் வைத்ததும் அமுங்கியது. பிளந்து பார்த்தால் மூன்றாவது, நான்காவது அடுக்குகளுக்கு நடுவே பழுப்பேறிய கண்ணாடி வளையம், கிட்டே கொண்டுபோனால் புளித்த நாற்றம். பூஞ்சை திறந்துவிட்ட வாசலில் பாக்டீரியா நுழைந்துவிட்டது. இப்படிப்பட்டதில் "நடுவில் நல்லாத்தான் இருக்கு" என்று தோண்டி எடுப்பது வேண்டாத வேலை. அழுகல் நீர் எல்லா அடுக்குகளுக்கும் இடையில் இறங்கியிருக்கும். முழுதாக எறிந்தேன். பொடியே இல்லாமல், மேலே அரக்கு வைத்ததுபோல் மின்னிய ஒன்றும் பிளந்தபோது நடுவில் குழைந்திருந்தது. கரி இல்லை என்பதால் மட்டும் ஒரு வெங்காயம் நல்லதாகிவிடாது என்பதற்கு அதை உதவிக்கு வரும் அம்மாளிடம் காட்டினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்ப அழகா இருக்கறதையும் நம்பக்கூடாதா?" என்றார்.

மாலைக்குள் 20 கிலோவும் நான்கு குவியலாயின. சுத்தமானவை 11 கிலோ. சருகில் மட்டும் பொடி உள்ளவை ஐந்தரை. முதல் அடுக்கு வரை போனவை இரண்டரை. கழுத்து அமுங்கியவை ஒரு கிலோ. இவை மட்டுமே உரக்குழிக்குப் போயின. மூன்றாவது குவியலை மறுநாளே தீர்த்துவிட்டேன், இரண்டாவதில் ஒரு சோதனைக்கு ஒதுக்கிய சிலவற்றைத் தவிர மற்றதை மூன்று நாளில். சேலத்துச் சூட்டில் அவற்றை வைத்திருக்கக் கூடாது.

எதிர்வீட்டுத் தம்பி மாலையில் தட்டுவடை செட் போடுபவர். காரட், பீட்ரூட் துருவலோடு பச்சை வெங்காயத்தையும் பொடியாக அரிந்து வைப்பதுதான் அந்தக் கடைக்கு உயிர். அவர் வந்து பார்த்துவிட்டு, "கரி வந்ததைச் சாம்பாருக்கு வெச்சிக்கிட்டு நல்லதை எனக்குக் குடுத்துருங்கக்கா" என்றார். நச்சுக் கணக்கில் பார்த்தால் அவர் கேட்டதற்குக் காரணமில்லை. உரித்தபின் சுத்தமாக இருக்கும் அடுக்கு எதற்கும் ஆகும். ஆனாலும் முதல் குவியலிலிருந்தே கொடுத்தேன். அவர் அரிந்ததை அடுப்பு காட்டாமல் மூன்று நான்கு மணி நேரம் தட்டில் வைத்திருக்கிறார். கழுவும்போது தப்பிய வித்தும் பாக்டீரியாவும் அங்கே உயிரோடு இருக்கும். மாமியார் சொன்ன கொதிநிலை உதவுவது இந்த இடத்தில்தான்.

சின்ன வெங்காயத்துக்கு மேற்சொன்ன தாராளம் செல்லாது. ஒரு பல்லில் இருப்பதே சில அடுக்குகள். ஓர் அடுக்கை எறிந்தால் மொட்டுதான் மிஞ்சும். சருகில் மட்டும் பொடி என்றால் கழுவி உரிக்கிறேன், சதையில் கோடு கண்டால் பல்லையே எறிகிறேன். இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நானே பல வருடம் செய்திருக்கிறேன். உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று சின்ன வெங்காயத்தைச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவது நம் வீடுகளின் வழக்கம். அதில் நான்கு பல் கரி பிடித்தவையாக இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் சட்டித் தண்ணீர் மங்கிப்போய், நல்ல பல்லின் அரிந்த முனையிலெல்லாம் வித்து ஒட்டிக்கொள்ளும். இப்போது கரி பிடித்ததை முதலில் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஓடும் நீரில் ஒருமுறை அலசிய பிறகுதான் ஊறப்போடுகிறேன்.

தின்பதைவிட முகர்வதில்தான் எங்கள் வீட்டுக்கு ஆபத்து அதிகம் என்பதையும் அன்று உணர்ந்தேன். "நாங்கெல்லாம் தின்னுதான வளர்ந்தோம்" என்ற மாமியாருக்கு ஆஸ்துமா. கூடத்தில் மின்விசிறி ஓட, நான் காய்ந்த சருகுகளை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்; சிறிது நேரத்தில் அவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. அவரைத் தெருத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, விசிறியை நிறுத்தி, சருகையெல்லாம் நனைத்துப் பையில் கட்டினேன். ஆஸ்துமா உள்ளவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சைக்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்களும் இதை உரிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. காதில் பூஞ்சை என்று மருத்துவரிடம் போகிறவர்களின் காதில் அடிக்கடி கிடைப்பதும் இதே நைஜர்தான் என்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காதைக் குடைய வேண்டாம்.

இந்தச் சாக்கில் மட்டும் ஏன் இவ்வளவு? பூஞ்சையின் வித்து மண்ணிலும் காற்றிலும் விதையிலும்கூட இருக்கிறது. அது அறவே இல்லாத வெங்காயம் அரிது. அது முளைக்க வெங்காயத்தின் மேல் ஆறு மணி நேரமாவது ஈரம் நிற்க வேண்டும். முளைத்தபின் 28 முதல் 34 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேகமாக வளரும், 15 பாகைக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். அறுவடை செய்ததும் தாளோடு காயவிட்டு, கழுத்து நன்கு வற்றிச் சுருங்கியபின், இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் காம்பு விட்டுத் தாளை அறுத்தால் வாசல் அடைபட்டுவிடும். பச்சைக் கழுத்தை ஒட்ட அறுத்து, மழையில் நனைந்த லாரியில் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினால், வழியிலேயே ஈரம், வெப்பம், திறந்த காயம் மூன்றும் அதற்குக் கிடைக்கின்றன. என் சாக்கிலிருந்த பொடி வெங்காயங்களைத் திருப்பிப் பார்த்தேன்: அவற்றில் பெரும்பாலானவற்றில் காம்பே இல்லை, கழுத்து மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. சுத்தமான குவியலில் விரல் நகம் அளவுக்காவது காய்ந்த காம்பு இருந்தது.

சோதனைக்காக, சருகில் மட்டும் பொடி இருந்ததில் எட்டு வெங்காயத்தை அந்த வார இறுதியில் ஏற்காட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்; அதே அளவு எட்டை என் வீட்டுப் பரணில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது என்னுடையதில் ஐந்தில் கரி முதல் அடுக்குக்கு இறங்கியிருந்தது, ஒன்று அழுகிவிட்டது. அக்காவுடையதில் கரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மூன்று முளைவிட்டிருந்தன, ஒன்றில் நீலப்பச்சைப் பூஞ்சை புதிதாகக் கிளம்பியிருந்தது. அது பெனிசிலியம் வகை. குளிரும் மூடுபனியும் அதற்குப் பிடிக்கும். எட்டு வெங்காயத்தை வைத்துச் சட்டம் சொல்ல மாட்டேன். ஆனால் மலையின் குளிர் கரியைக் கொல்லவில்லை, தூங்கத்தான் வைத்தது என்பதை, அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்த இரண்டு வெங்காயம் அம்மாபேட்டையில் பத்தே நாளில் காட்டிக் கொடுத்தன.

மண்டிக்காரரிடம் போய் வெட்டுப்பட்ட கழுத்துகளைக் காட்டினேன். "மழை மூட்டைன்னா அப்படித்தான்க்கா வரும், மேல்தோல்தானே" என்று முதலில் மழுப்பினார். பிறகு, சாக்கின் அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேலே வைப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்குமாம், அதை அவரே சொன்னார். இப்போது சாக்கின் அடியைக் கொட்டச் சொல்லி, பத்து வெங்காயத்தின் கழுத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கு மேல் அமுங்கினால் அந்தச் சாக்கு வேண்டாம். கரி கொஞ்சம் இருந்து கழுத்து இறுகியிருந்தால் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துக் கேட்டு, பத்துக் கிலோ மட்டும் வாங்கி, நான்கு நாளில் தீர்த்துவிடுகிறேன்.